ஷிப்மெண்ட் போகட்டும்

பொங்கலூரிலிருந்து தினமும் காலையில் பல்லடம் வழியாகத் திருப்பூருக்கு வண்டி ஓட்டும் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசரிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். சம்பளத்தை மட்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் வருகிற பதில் எல்லா வருடமும் ஒன்றுதான். "இந்த ஷிப்மெண்ட் போயிரட்டுமுங்க, பேசிப்போடறேன்."

ஷிப்மெண்ட் போகும். தூத்துக்குடியில் கன்டெய்னர் கப்பல் ஏறும். அதற்குள் அடுத்த ஆர்டரின் லேப் டிப் சாயப்பட்டறையிலிருந்து வந்துவிடும். வந்தது பையர் சொன்ன நீலமாக இருக்காது. "இந்த நேரத்துல போய்க் கேட்டா நல்லாருக்காதுங்க" என்பார். மாதம் பிறந்தால் நூல் விலை. மில்கள் முதல் தேதி புது விலை சொல்லும் ஊரில், முதல் வாரம் முழுவதும் முதலாளி முகம் சரியிருக்காது. 2022 மே மாதம் நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூர் இரண்டு நாள் மூடிக் கிடந்ததே, அந்த ஞாபகம் இவருக்கு இன்னும் காரணமாகப் பயன்படுகிறது. டாலர் இறங்கினால் கம்பெனிக்கு நட்டம். ஏறினால் முதலாளி ஏற்கெனவே பேங்கில் பழைய விலைக்கு புக் பண்ணிவிட்டார். ஆடியில் நல்ல காரியம் பேசக் கூடாது. தீபாவளிக்கு முன் கேட்டால் போனஸைக் காட்டுவார்கள். பொங்கலுக்கு ஆள்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஊரே கலங்கியது. இவர் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரு வருடத்துக்குத் தாங்கும் காரணம் தானாக வந்து சேர்ந்ததல்லவா?

இவரைச் சுற்றியிருப்பவர்கள் யாரும் இப்படி இல்லை. தையல், அயர்ன், பேக்கிங் ஆள்களுக்குச் சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகின்றன. 2021-இல் போட்டது நான்கு வருடத்துக்கு 32 சதவீதம், அதில் முதல் வருடமே 19. கறிக்கோழிக்குக்கூட பல்லடத்தில் ஒரு ஒருங்கிணைப்புக் குழு தினமும் பண்ணை விலை அறிவிக்கிறது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து மெயில் அனுப்பும் மெர்ச்சண்டைசருக்குச் சங்கமும் கிடையாது, விலைப்பட்டியலும் கிடையாது. தனக்கானதைத் தானே போய்க் கேட்டாக வேண்டும். அதனால்தான் கேட்பதில்லை.

சேர்ந்தபோது ஒரே ஒரு பையர், சாம்பிள் வேலை மட்டும். பக்கத்து சீட்காரர் வேறு கம்பெனிக்குப் போனபோது "தற்காலிகமா பாத்துக்கங்க தம்பி" என்று அவருடைய இரண்டு பையர்களின் ஃபைலும் இவர் மேஜைக்கு வந்தன. பிறகு புரொடக்‌ஷன் ஃபாலோ-அப் வந்தது. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிற்பதும் சேர்ந்தது. தற்காலிகம் மூன்று தீபாவளியைத் தாண்டிவிட்டது. சம்பளம் வருடத்துக்கு ஆயிரம் வீதம் ஏறி 28,000-இல் நிற்கிறது. அந்த ஆயிரம் எல்லோருக்கும் ஏறியது, ஒரு பையரை வைத்துக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்புகிறவருக்கும் சேர்த்து.

ஒரு முறை கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பையன் ஸ்கூல் ஃபீஸ், வண்டி டியூ, அம்மாவின் சுகர் மாத்திரை என்று வரிசையாகச் சொன்னார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் பேங்க் வட்டியைச் சொன்னார். யாருடைய கஷ்டம் பெரியது என்ற போட்டியில் நாற்பது மெஷின் வைத்திருப்பவரை மாதச் சம்பளக்காரர் ஜெயிக்க முடியுமா? டீ குடித்துவிட்டு வந்தார்.

எரிச்சல் எங்கே வருகிறதென்றால், இதே மனிதர் கணக்கில் புலி. ஒரு டி-ஷர்ட்டைக் கையில் கொடுத்தால் நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், தையல் கூலி, லேபிள், பாலிபேக், ரிஜெக்‌ஷன் சதவீதம் என்று பைசா சுத்தமாகக் காஸ்டிங் போடுவார். ஐரோப்பாவில் இருக்கும் பையரிடம் ஐந்து சென்ட்டுக்காக இரவு பத்து மணிக்கு மல்லுக்கட்டுவார். தனக்கென்று ஒரு காஸ்டிங் ஷீட் போட்டதில்லை. வீட்டில் தொந்தரவு தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டார்.

போட்டபோதுதான் விஷயமே வெளிவந்தது. 20,000 பீஸ் ஆர்டர் ஒன்றில் பீஸுக்கு 215 கிராம் துணி என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இவர் பேட்டர்ன் மாஸ்டரோடு உட்கார்ந்து, துணி அகலத்தை மாற்றி மார்க்கர் போடவைத்து 209 கிராமுக்குக் கொண்டுவந்தார். பீஸுக்கு ஆறு கிராம், மொத்தம் 120 கிலோ. கிலோ 450 ரூபாய் என்றால் 54,000. இன்னொரு ஆர்டர் சாயத்தில் தாமதமாகி, நாலு டன் சரக்கு விமானத்தில் போகவேண்டிய நிலை. கிலோவுக்கு 200 ரூபாய் என்று வைத்தாலும் எட்டு லட்சம். பையரிடம் பேசிப் பாதியைக் குறித்த தேதியிலும் மீதியைப் பத்து நாள் கழித்தும் கப்பலிலேயே அனுப்ப ஒப்புதல் வாங்கியது இவர். "இதெல்லாம் என் வேலைதானுங்களே" என்று இதை எழுதவே கூச்சப்பட்டார். மார்க்கர் விஷயத்தில் "அது மாஸ்டர் பண்ணது" என்று முதலாளி சொல்லக்கூடும். சொன்னால் அது பாதி உண்மையும்கூட. அதனால் அதில் பங்கு என்று மட்டும் எழுதினார். விமானச் செலவுக்குத் தேதியோடு மெயில் இருந்தது, அதை மேலே வைத்தார்.

மார்க்கெட் சம்பளம் என்று வந்தபோது மறுபடி சொதப்பப் பார்த்தார். அவிநாசி ரோட்டில் வேலை செய்யும் நண்பர் ஐம்பதாயிரம் வாங்குகிறாராம். துருவிக் கேட்டால் அதில் பெட்ரோல் படி, இன்சென்டிவ், கம்பெனி கட்டும் பி.எஃப். எல்லாம் அடக்கம், கைக்கு வருவது முப்பத்தெட்டு. நண்பர்கள் சொல்லும் சம்பளத்தில் சுருக்கத்துக்கு அலவன்ஸ் விட்டுத்தான் அளக்க வேண்டும். அதைவிட உறுதியான சாட்சி அடுத்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டு வருட அனுபவத்தோடு போன மாதம் சேர்ந்த பையனுக்கு இதே கம்பெனி 26,000 கொடுத்திருந்தது. அந்த விலையை மிகை என்று முதலாளி சொல்ல முடியாது, போட்டவரே அவர்தான். ஆனால் பையனின் பெயரை இழுத்தால் பகை. "இப்ப புதுசா எடுக்கற ஆளுக்கு நம்ம கம்பெனி குடுக்கற ரேட்" என்று சொன்னால் போதும்.

எப்போது கேட்பது? பையர் ஆர்டரை உறுதி செய்த பிறகு, நூல் வாங்கும் முன்பு, ஒரு பத்தாம் தேதி வாக்கில். ஒரே தாளோடு போனார். மூன்று பையர், இரண்டு கணக்கு, ஒரு ரேட், கேட்கும் தொகை 38,000. வேறு இடத்தில் கூப்பிடுகிறார்கள் என்ற பொய்யைச் சொல்லவில்லை. "சரி போங்க" என்று விட்டால் எங்கே போவது?

முதலாளி தாளை இரண்டு முறை படித்தார். "பாக்கலாம் தம்பி" என்றார். வழக்கமாக அந்த இடத்தில் எழுந்துவிடுகிறவர், அன்று எழவில்லை. "எந்த மாசத்துல இருந்துங்கண்ணா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி. மூன்று நாள் கழித்து 34,000 என்று முடிவானது, அடுத்த மாதத்திலிருந்து. கூடவே நான்காவது பையரின் ஃபைலும்.

சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தார். புதுச் சம்பளத்துக்கும் புதுப் பொறுப்புக்கும் லெட்டர் கொடுத்தார்களா என்று கேட்டால், "அண்ணன் வாயில சொன்னாப் போதாதுங்களா?" என்கிறார். பையர் போனில் ஆயிரம் தடவை உறுதி சொன்னாலும், பி.ஓ. கைக்கு வராமல் ஒரு கிலோ நூல் வாங்கவிடாத ஆள்.