பத்தரை கிலோ காற்றைத் திருப்பி அனுப்பியவன் எழுதுவது

மதிப்பிற்குரிய குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

உங்கள் தளத்தில் ரூ.1,099 கொடுத்து வாங்கிய மேசை விளக்கு, கண்ணாடி மூடி உடைந்தே வந்து சேர்ந்தது. ரிட்டர்ன் கேட்டால், ‘உங்கள் பின்கோடில் பிக்அப் வசதி இல்லை, நீங்களே கூரியரில் அனுப்பிவிடுங்கள்’ என்கிறது செயலி. விளக்கைக் கொண்டுவந்த வண்டிக்கு எங்கள் தெரு நன்றாகத் தெரிந்திருந்தது. காலியாகத் திரும்பும்போதுதான் மறந்துவிடுகிறது போலும். நல்ல வைத்தியரிடம் காட்டுங்கள்.

வந்த பெட்டியிலேயே வைத்து அனுப்ப வேண்டும் என்பது உங்கள் விதி. அப்படியே கட்டி, எந்த ஆர்டர் என்று உங்கள் கிடங்குக்குத் தெரிவதற்கான ரிட்டர்ன் சீட்டையும் உள்ளே போட்டுக் கூரியர் ஆபீசுக்குத் தூக்கிப் போனேன். தராசு ஒன்றரை கிலோ காட்டியது. கவுன்ட்டரில் இருந்த தம்பியோ டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்தார். நீளம் 50, அகலம் 40, உயரம் 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுத்து, “பன்னெண்டு கிலோ சார்” என்றார்.

“தராசு ஒன்றரைதானே காட்டுது?”

“அது நிஜ எடை. இது வால்யூமெட்ரிக். வண்டியில எடத்தை அடைக்குதுல்ல? ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் சார்ஜ்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. ஒரு சாண் விளக்குக்கு ஆட்டுக்குட்டி படுக்கும் அளவில் பெட்டி தேர்ந்தெடுத்தது நீங்கள்தான். கிலோவுக்கு ரூ.70 வீதம் ரூ.840 கட்டினேன். ரசீதைப் படம் எடுத்து ஏற்றியதும், அனுப்பும் செலவில் ரூ.100 வரைதான் தருவீர்கள் என்று தெரிந்தது. ஆக, ரூ.1,099 திரும்பி வந்தாலும் ரூ.740 காற்றுக்குப் போய், என் கையில் நிற்பது ரூ.359. உடைந்த விளக்கையே வைத்துக்கொண்டிருந்தால் மிச்சமுள்ள பாதியாவது எரிந்திருக்கும்.

திருப்பி அனுப்பும் செலவு பற்றிய விவரத்தை வாங்குபவருக்குத் தெரியும்படி காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. நீங்களும் காட்டத்தான் செய்கிறீர்கள், பணம் கட்டி முடித்த பிறகு.

எனவே என் தாழ்மையான விண்ணப்பம்: ‘வாங்கு’ பொத்தானுக்குப் பக்கத்திலேயே, ‘உங்கள் ஊரில் பிக்அப் இல்லை, பெட்டியின் கன அளவு எடை 12 கிலோ’ என்று போடுங்கள். இல்லையேல், சின்னப் பெட்டியில் மாற்றிக் கட்டி அனுப்ப அனுமதியுங்கள். இரண்டும் முடியாதென்றால் ரூ.740ஐத் தந்துவிடுங்கள்.

புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைப்பதும் அதே விதிகளின்படி உங்கள் கடமை. அந்தப் பதிலையாவது கூரியர் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
பிக்அப் இல்லாத பின்கோடுக்காரன்