பல்லக்கு ஏற்பாட்டுக்கு நன்றி

கரையோரத்து நோயாளிகளை வாழவைக்கும் சனலிங் நிலைய நிருவாகத்தார் சமூகத்துக்கு,

சனிக்கிழமை நீங்கள் எனக்குச் செய்த இராஜ உபசாரத்துக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். கற்பிட்டியில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் பல்லக்கில் போகும் பாக்கியம் இதுவரை வாய்த்ததாகக் கேள்விப்படவில்லை. உங்கள் புண்ணியத்தில் எனக்கு வாய்த்தது. சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை, முன்னால் செக்யூரிட்டித் தம்பி, பின்னால் ஓட்டோக்கார நானா, பக்கத்தில் இரத்தப் பரிசோதனைக்கு வந்து நின்ற யாரோ ஒரு பையன். அவன் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பல்லக்குத் தூக்கிகளுக்குச் சம்பளம் கொடுத்தீர்களா தெரியாது. நானாவுக்கு நான் கொடுத்தேன்.

நேரம் பதியும்போதே உங்கள் வட்சப் இலக்கத்துக்கு நான் எழுதியதை மறந்திருப்பீர்கள். பெரிய இடத்தில் வேலை அதிகம். திரும்பத் தருகிறேன்: "வீல் செயாரில் வருகிறேன். அகலம் 26 அங்குலம். ஒரு படியும் ஏற இயலாது. படியில்லாத வாசலும், டொக்டர் கீழேயே பார்க்க ஓர் அறையும் வேண்டும். சனம் கூடுமுன் முதல் இலக்கங்களில் ஒன்று தந்தால் நல்லது. முடியாதென்றால் இப்போதே சொல்லுங்கள்." பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. பிறகு "ஓகே மேடம், 14". டொக்டரின் அறை மேல்மாடியில் என்பதை 14ஆம் இலக்கத்துக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

காரணம் எனக்கு விளங்குகிறது. போனில் பதிகிற தங்கச்சியின் கொப்பியில் பெயர், வயது, போன் இலக்கம், டொக்டர் என நாலு கட்டங்கள்தான். அறை எது என்பது அன்றைக்குக் காலையில், கொழும்பிலிருந்து எத்தனை டொக்டர்மார் வருகிறார்கள் என்று பார்த்த பிறகு, வேறொருவர் முடிவு செய்வது. என் செய்தி தங்கச்சியின் போனோடு நின்றுவிட்டது. அவள் பிழையில்லை. ஐந்தாவது கட்டம் ஒன்று கீறினால் போதும்.

வாசலில் ஒரு சாய்தளம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அழகான டைல்ஸோடு. உங்கள் வாசல் உயரம் ஒன்றரை அடி. ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்பது சாய்தளத்தின் பொதுக் கணக்கு. அப்படியென்றால் 18 அடி வேண்டும். உங்களுடையது 4 அடி. அதில் மழை நாளில் ஆடு ஏறினாலும் வழுக்கும். ஆகவே அங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்தது உயிர்காக்கும் சேவையென்றே எடுத்துக்கொள்கிறேன். அதனால்தானே பல்லக்கு வாசலிலிருந்தே புறப்பட்டது.

மேலே போனதும் டொக்டர் அன்பாகக் கேட்டார்: "முன்னமே சொல்லியிருக்கலாமே?"

சொல்லித்தான் இருந்தேன். படியில் தூக்கிப் போகும்போது தெரியாத ஆம்பிளைகளின் கை என் தொடைக்கடியில் இருந்தது. அபாயா முழங்காலுக்கு ஏறியிருந்தது, அதை இழுத்துவிட என் கைக்கு வழியில்லை, கீழே வரிசையில் ஊர்ச் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவன் கை நழுவியிருந்தால் என் இடுப்பெலும்பு போயிருக்கும். இதற்குப் பெயர் உதவியில்லை.

மன்னிக்கவும், பல்லக்கில் ஏறினவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும்.

சட்டத்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த எனக்கு எண்ணமில்லை. எங்களைப் போன்றவர்கள் கட்டடங்களுக்குள் போய்வர வழி செய்யச் சொல்லி 2006 அக்டோபரில் வந்த வர்த்தமானி, அரச கட்டடங்களோடு நில்லாமல், பொதுச் சேவை கிடைக்கிற இடங்களையும் சேர்த்தே பேசுகிறது. இருக்கிற கட்டடங்களைத் திருத்த முதலில் 3 வருடம் தந்தது. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே உயர் நீதிமன்றம் போனவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா, ஒரு காலத்தில் கிரிக்கெட் நடுவர். அவருடைய வழக்கில்தான் 2011 ஏப்ரலில், அந்த விதிகளைப் பின்பற்றாத புதிய பொதுக் கட்டடங்களுக்கு இசைவுச் சான்றிதழ் கொடுக்கக்கூடாது என்று கட்டளை வந்தது. உங்கள் மேல்மாடியின் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? பல்லக்கில் போகும்போது நான் சுவரையெல்லாம் பார்த்தேன், தட்டுப்படவில்லை.

நான் லிப்ட் கேட்கவில்லை. பார்மசிக்குப் பின்னால் ஊசி போடுகிற அறை இருக்கிறது. கட்டில் இருக்கிறது, கதவும் அகலம். டொக்டரிடம் இருப்பது ஒரு ஸ்டெதஸ்கோப்பும் துண்டு எழுதுகிற பேனாவும். அவர் காலுக்கு வருத்தமில்லை. 14ஆம் இலக்கம் வரும்போது பத்துப் படி இறங்கி வரலாம்.

அடுத்த மாதம் ரிப்போட் காட்ட வரவேண்டும். அதே செய்தியை இன்றைக்கே அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரல் வேண்டாம். எந்த வாசல், எந்த அறை என்று எழுதுங்கள். இரண்டும் இல்லாத பதில் வந்தால் என் செய்தி வாசிக்கப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு, பாலாவிச் சந்தியைத் தாண்டுமுன்னே ஓட்டோவைத் திருப்பச் சொல்லிவிடுவேன். பதிவுக் காசையும் திருப்பிக் கேட்பேன்.

இப்படிக்கு,
தங்கள் 14ஆம் இலக்கம்