அம்மாவின் குரல், மகனின் மேடை

கேள்வி: என் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிஷம் ஓடும். அதை வைத்துத் தனியொருவனாக ஒரு ஹாஸ்ய நிகழ்ச்சி தயாரித்திருக்கிறேன். மேடையில் அந்தப் பதிவையே ஒலிக்க விடலாமா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: வேண்டாம். பதிவு ஒலிக்கத் தொடங்கிய மாத்திரத்தில் நீங்கள் நடிகர் என்ற ஸ்தானத்திலிருந்து இறங்கி, ஒலிபெருக்கிக்குக் காவல் நிற்பவர் ஆகிவிடுகிறீர்கள். அமெரிக்க ஹாஸ்ய நடிகர் பாப் நியூஹார்ட், 1960-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற தம் இசைத்தட்டில், இல்லாத தொலைபேசியில் இல்லாத மனிதரோடு பேசி, எதிர்முனைக்காரர் சொல்வது எதுவும் சபையின் காதில் விழாதபடி, தம் பதில்களை மட்டும் கொண்டே மறுபாதியை ரஸிகர்கள் கற்பித்துக்கொள்ளும்படி செய்தார். உங்கள் விஷயத்தில் பேசுகிறவள் அம்மா ஒருத்தியே. குறுக்கே ஒரு சொல் போட வழியின்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் மகனின் முகமே மறுபாதி. குரலை அவளுக்குக் கொடுங்கள், முகத்தை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குக் கிடைப்பதோ மொத்தம் ஐந்து நிமிஷம். அவ்வளவு நீளமான பேச்சை அதில் எப்படி அடக்குவது?

பதில்: அம்மா சொல்ல வந்தது, "கரண்ட் பில் கட்டிடு" என்ற ஒரே வாக்கியம் என்று கொள்வோம். அவள், "கண்ணு, ஒண்ணுமில்ல, ஒரு நிமிஷந்தான்" என்று ஆரம்பிக்கிறாள். பில்லிலிருந்து மீட்டர் பார்க்க வந்தவருக்கும், அவரிடமிருந்து அவர் பெண்ணின் கல்யாணத்துக்கும், கல்யாணத்திலிருந்து அங்கே பரிமாறிய உப்பில்லாத சாம்பாருக்கும், சாம்பாரிலிருந்து தன் அடுப்பிலிருக்கும் குக்கருக்கும் போய், "இரு, மூணு விசில் வந்தா அணைக்கணும்" என்று நிறுத்துகிறாள். இதற்கு ஒன்றரை நிமிஷம் போதும். ஆனால் ஒவ்வொரு தாவலும் முந்தின வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பற்றிக்கொண்டே நடக்க வேண்டும். அந்தப் பிடி ஓரிடத்தில் அறுந்தாலும், இது அம்மா பேசியதல்ல, மகன் எழுதியது என்று சபைக்குத் தெரிந்துபோகும். இடையிடையே "சரி, விஷயத்துக்கு வர்றேன்" என்று அவள் சொல்ல, மகன் நிமிர்ந்து உட்கார, அவள் வராமலே போக வேண்டும். முதல் தடவை புன்னகைக்கிற சபை, மூன்றாம் தடவை உங்களுக்கு முன்பே அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடும். இரண்டு விசில் மட்டும் வரட்டும். மூன்றாவதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: சில நாள் அரங்கம் அதிர்கிறது, சில நாள் அதே வசனத்துக்கு மௌனம். காரணம் என்ன?

பதில்: மௌனம் எங்கிருந்து தொடங்குகிறது என்று கவனியுங்கள். இளைஞர்கள் சிரித்துக்கொண்டிருக்க, நடுவயதுப் பெண்மணிகள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், நீங்கள் அம்மாவின் ஆங்கில உச்சரிப்பையோ போனைக் கையாளும் தடுமாற்றத்தையோ பரிகசித்திருக்கிறீர்கள் என்று நிச்சயமாகச் சொல்லலாம். அவள் தன் காரியத்தில் பூரண சிரத்தையோடு இருக்கிறாள்; சிரிப்புக்குரியவன், 2021-இல் வந்த வேகமாக்கும் வசதியைக் கொண்டு தாயை இரட்டை வேகத்தில் ஓட்டிவிட்டு, பில் கட்டும் கடைசித் தேதியைத் தவறவிடும் மகனே. பழியை அவன் பக்கம் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: முடிவில் பாசம் வர வேண்டும், ஆனால் அழுமூஞ்சிப் பிரசங்கமாகக் கூடாது. உபாயம் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் அந்த வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. மைக் குறியை மேலே தள்ளிப் பூட்டிவிட்டால், விரலை எடுத்த பிறகும், அனுப்பும் பொத்தானை அழுத்தும்வரை பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். "வச்சிடறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு, அனுப்ப மறந்து, அம்மா போனை மேஜைமேல் வைக்கிறாள்; வெகுநேரம் கழித்து நினைவு வந்து அப்படியே அனுப்பிவிடுகிறாள். மகன் அன்று ஏதோ காரணத்தால் சாதாரண வேகத்திலேயே கேட்கிறான். பாத்திரச் சத்தம், பிறகு அப்பாவின் குரல்: "இவ்வளவையும் அவன் கேப்பானா?" அவள் குரல்: "கேக்க மாட்டான். பேசினா, அவன் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு." அப்போது வரட்டும் அந்த மூன்றாவது விசில். சபை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கும். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசாமல், சோக வாத்தியமும் சேர்க்காமல், வணங்கிவிட்டு இறங்கிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவை முதல் வரிசையில் உட்கார வைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அதற்கு முன்பு வீட்டில் அவளுக்கு முழுவதையும் நடித்துக் காட்டுங்கள். கல்யாண சாம்பாரைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னாளானால், அது எவ்வளவு கைதட்டல் வாங்கும் பகுதியாயிருந்தாலும், நீக்கிவிடுங்கள். மீட்டர்க்காரர் வீட்டாரோடு நாளைக்கும் முகம் பார்த்துப் பழக வேண்டியவள் அவள்தான்.