மருமவனே, உன் கல்லாவுல யாரு கை?

வா மருமவனே, உக்காரு. மூஞ்சி ஏன் பாத்தியில வுட்ட தண்ணி மாதிரி கலங்கிக் கெடக்குது? ஆளுங்க அட்வான்ஸ் கேக்குறாங்களா? கேக்கத்தான் செய்வாங்க. மரக்காணத்துல ஐப்பசி பொறந்தா மூணு விஷயம் தவறாம வரும்: மழை, தீவாளி, உன் வூட்டு வாசல்ல நாலு பேரு. இதுல மழை மட்டுந்தான் சொல்லாம வரும். மத்த ரெண்டும் காலண்டர்லயே இருக்குது. அப்புறமும் நீ வருசா வருசம் திடுக்கிட்டுப் போறியே, அந்தத் திறமைக்கே உனக்கு ஒரு மாலை போடணும்.

தை, மாசியில பாத்தி மிதிக்க ஆரம்பிச்சா, புரட்டாசி வரைக்கும் உப்பு. வடகிழக்கு மழை எறங்கிட்டா மூணு மாசம் அளத்துல கொக்குக்குத்தான் வேலை. அப்ப ஆளுங்க சோத்துக்கு இன்னா பண்ணுவாங்க? அரசாங்கமே இதைப் பாத்துதான் 2022லேருந்து உப்பளத் தொழிலாளி குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணம்னு 5,000 ரூபா குடுக்குது. மூணு மாசத்துக்கு அஞ்சாயிரம். மீதியை யாருகிட்ட கேப்பான்? உன்கிட்ட, இல்லன்னா கந்துவட்டிக்காரன்கிட்ட. அந்த 5,000 வந்த அன்னிக்கே ‘பழைய பாக்கி’ன்னு நீ கையை நீட்டினேன்னு வெச்சுக்கோ, அடுத்த சீசன்ல உன் பாத்தியை நீயேதான் மிதிக்கணும்.

மொதல்ல ஒண்ணு கேக்குறேன். புதன்கிழமை ஒருத்தி வந்து, “ஆயிரம் ரூபா குடுங்க, குழுக்காரன் வந்துட்டான்”னு நிக்கிறா. நீ என்னமோ கஜானாவைத் தொறக்குற ராசா மாதிரி கைக்கடன் நோட்டை எடுக்குற. அவ திங்கள், செவ்வாய், புதன் மூணு நாள் உப்பு சொமந்துட்டா. நாளுக்கு 500ன்னா 1,500 அவ காசு உன்கிட்ட கெடக்குது. யாரு யாருக்குக் கடன்காரன்? அவ காசை அவளுக்கே கடனா குடுத்து, நன்றியும் வாங்கிக்கினு, நாலு பேரு முன்னாடி புத்திமதியும் சொல்லி அனுப்புற. எமகாதகன்டா நீ.

கேக்குற காசுல பாதிக்கு மேல இந்த வகைதான். இதுக்கு நோட்டும் வேணாம், வட்டியும் வேணாம். சனிக்கிழமை மட்டும் குடுக்குற கூலியை ரெண்டாப் பிரிச்சு, புதன் சாயங்காலம் பாதி, சனிக்கிழமை மீதின்னு மாத்திப் பாரு. மகளிர் குழு வசூல் எந்தக் கெழமைன்னு பொம்பளைங்ககிட்ட கேட்டு, அதுக்கு மொத நாளா பாத்து வையி. உன் கையிலேருந்து ஒரு பைசா கூடப் போகாது. வாசல்ல நிக்கிற கூட்டம் பாதியாயிடும். கணக்குப்பிள்ளைதான் வாரத்துக்கு ரெண்டு தடவை கூட்டிக் கழிக்கணும்னு மொணங்குவான். மொணங்கட்டும்.

இப்ப நெசமான அட்வான்சுக்கு வருவோம், உழைக்காத நாளுக்குக் குடுக்குறது. உன் அளத்தையே எடுத்துக்கோ. பதினாறு ஆளு. ஒருத்தருக்கு வாரம் ஆறு நாள், 3,000 ரூபா. மொத்தக் கூலி வாரம் 48,000. ஆளுக்கு ரெண்டு வாரக் கூலி, அதாவது 6,000க்கு மேல அட்வான்ஸ் கெடையாதுன்னு வையி. பதினாறு பேரும் ஒரே நாள்ல வந்து வாங்கினாலும் 96,000தான். அதுக்கு மேல உன் தலைக்கு ஆபத்து இல்ல. இந்தக் காசைக் கூலிக் காசுலேருந்து எடுக்காதே. தனியா ஒரு பேங்க் கணக்குல வையி. சித்திரையிலேருந்து லாரி போகுதே, லோடுக்கு ஆயிரம் அதுல போடு. நூறு லோடு போனா ஒரு லட்சம். ஐப்பசியில முழிக்க வேண்டியதில்ல. அந்தக் கணக்குல காசு இருந்தா குடுக்கலாம், தீந்துட்டா இல்ல. அப்ப ‘இல்ல’ன்னு சொல்றது நீ இல்ல, கணக்கு.

திருப்பிப் பிடிக்கிறதுலதான் உன் மாதிரி ஆளுங்க குட்டிச்சுவரு பண்றது. தை பொறந்த மொத வாரமே 6,000ல பாதியைப் பிடிச்சிடுவ. 3,000 கூலிக்காரன் சனிக்கிழமை வெறுங்கையோட வூட்டுக்குப் போவான். திங்கக்கெழமை காலையில திரும்ப உன்கிட்டயே வருவான், ரெண்டாயிரம் குடுங்கன்னு. உன்கிட்ட வாங்கி உனக்கே கட்டுறான். நோட்டுல பாக்கி கொறையல. இந்தக் கூத்து உன் அளத்துல நடக்குதான்னு தெரியணும்னா, பாக்கியைப் பாக்காதே, சனிக்கிழமை அவன் கையில போன காசைப் பாரு. பிடிச்ச மறுவாரமே திரும்பக் கேட்டான்னா நீ பிடிச்சது அதிகம். அவ்வளவுதான். எல்லாப் பிடித்தமும் சேந்து கூலியில பாதியைத் தாண்டக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. அது சட்டத்தோட எல்லை. வயித்தோட எல்லை அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடும்.

வாரம் 500 பிடி. ஆறுல ஒரு பங்கு, அடுப்பு அணையாது. பன்னெண்டு வாரத்துல 6,000 முடிஞ்சிடும். பதினாறு பேரும் கட்டினா வாரம் 8,000 உன் பெட்டிக்குத் திரும்ப வருது. மாசியில ஆரம்பிச்சா சித்திரை கடைசியில பெட்டி ரொம்பிடும். எதுக்கு அந்தக் கணக்குன்னு கேளு: ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குது. நோட்டு, யூனிபார்ம், பீஸ்னு ரெண்டாவது கூட்டம் வாசலுக்கு வரும். அதுக்குப் பெட்டி தயாரா இருக்கணும். ஜூன்ல குடுத்தது புரட்டாசிக்குள்ள திரும்பிடும். மறுபடி மழை. ஒரே லட்சம் வருசத்துக்கு ரெண்டு தடவை உழைக்குது, உன்னை விட அதிகமா.

பிடித்தத்தை ‘தை ஒண்ணு’ன்னு தேதி வெச்சுக் கட்டாதே. 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறினப்ப அளமெல்லாம் ஏரியா நின்னுது. வரப்பு கட்டி, சேறு வாரி, மறுபடி மிதிச்சு, மொத உப்பு எடுக்க எவ்வளவு நாள் தள்ளிப்போகும்னு உனக்கே தெரியும். அதனால முழுசா ஆறு நாள் வேலை கெடைச்ச ரெண்டாவது வாரத்துலேருந்து பிடிக்கிறதுன்னு நோட்டு மொத பக்கத்துல எழுதி வையி. வேலை இல்லாத வாரம் பிடித்தமும் இல்ல.

ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, குடுத்தது, பிடிச்சது, பாக்கி. பக்கத்துல அவங்க கையெழுத்து, இல்லன்னா ரேகை. அதே கணக்கு அவங்ககிட்ட ஒரு சின்ன அட்டையிலயும் இருக்கட்டும். மேஸ்திரி கையால குடுக்காதே. அவன் வழியாப் போற 6,000 போய்ச் சேரும்போது 5,500ஆ இருக்கும். பாக்கி மட்டும் 6,000. பாவம், உன்னைத்தான் திட்டுவாங்க. வரப்பு மேல நின்னுக்கினு, “ஏன்டா, போன மாசந்தானே வாங்கினே”ன்னு கத்தாதே. கேக்கறவன் ஒருத்தன், கேட்டுக்கினு இருக்கறது பதினஞ்சு பேரு. அடுத்து உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்குத் தேவைப்படுறவன் உன்கிட்ட வராம கந்துவட்டிக்குப் போயிடுவான். அப்புறம் ரெண்டு மாசத்துல அவன் ஊரை வுட்டே காணாமப் போவான். நல்ல பாத்திக்காரன் ஒருத்தன் போனா உனக்கு நட்டம் ஆறாயிரமா, சீசனா?

சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி இதுக்கெல்லாம் வரிசையும் இல்ல, வரம்பும் பாக்காதே. ஆனா முடிஞ்ச தொகையைக் கொடையாவே குடுத்துடு. சின்னத் தொகையா இருந்தாலும் சரி. சாவுக்குக் குடுத்ததைப் பதினாறாம் நாள் முடிஞ்சதும் பிடிக்கிற முதலாளியை ஊரு மறக்காது.

இன்னொண்ணு, இதைச் சிரிக்காம கேளு. “பாக்கி முடியற வரைக்கும் வேற அளத்துக்குப் போகக் கூடாது”ன்னு சொன்னியாமே. ரேஷன் கார்டையும் ஏடிஎம் கார்டையும் வாங்கி பீரோவுல வெச்சிருக்கியாமே. மருமவனே, அதுக்குப் பேரு அட்வான்ஸ் இல்ல, கொத்தடிமை. 1976ல வந்த சட்டம், மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு. குடுத்த கடனும் செல்லாமப் போயிடும். 1982ல ஏசியாட் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, குறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ குடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்புன்னு சொல்லிடுச்சு. இன்னிக்கு ராத்திரியே எல்லாக் கார்டையும் திருப்பிக் குடு. போறவன் போகட்டும், கடைசிக் கூலியில நியாயமா பிடிக்கிறதைப் பிடி, மீதியைக் கணக்குல வுட்டுடு. தொரத்திக்கினு போறதுக்கு லாரி டீசலே அதிகம் ஆவும்.

சரி, இப்ப உன் அட்வான்ஸ் கதைக்கு வருவோம். ஆளுங்க கேக்குறாங்கன்னு உப்பு வியாபாரிகிட்ட மார்கழியில ரெண்டு லட்சம் வாங்கினியே, அதை எந்த நோட்டுல எழுதின? டன்னுக்கு 200 ரூபா கொறைச்சு, 300 டன்னு எழுதிக் குடுத்துட்டு வந்த. அறுபதாயிரம் போச்சு. குஜராத்துல சின்ன ரண் ஆஃப் கட்ச்ல உப்பு எடுக்குற அகரியா சனங்களும் இப்படித்தான், சீசன் தொடக்கத்துலயே டீசலுக்கு வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கி, வெளையற உப்புக்கு அவன் சொன்ன வெலைக்கு மாட்டிக்கினு முழிக்கிறாங்க. ஆனா அவங்க ஏழைங்க. நீ காரு வெச்சிருக்க. உன் ஆளு பள்ளிக்கூடப் பீசுக்கு 6,000 கேட்டா, “கட்டுசெட்டாக் குடும்பம் நடத்தத் தெரியல”ங்குற. லோடுக்கு ஆயிரம் ஒதுக்கத் தெரியாம அறுபதாயிரத்தைத் தாரை வாத்தவன் யாருன்னு நான் கேட்டேனா? கேக்கல பாரு.

கடைசியா நோட்டைப் பொரட்டிப் பாத்தேன். பதினாறு பேரு பக்கமும் இருக்குது. உன் மச்சான் பக்கம் மட்டும் காணோம். லாரி ஓட்டுறேன்னு வந்து பைக்குக்கு நாப்பதாயிரம் வாங்கிக்கினு போனானே, எம் பையன். அளத்துல எல்லாருக்கும் அது தெரியும். அவங்க பிடித்தத்துக்கு மூஞ்சி சுளிக்கிறது அந்த 500க்காக இல்லடா. மொத பக்கத்துல அவன் பேரை எழுது. லாரிக்காரனுக்கு வாரம் 2,000 பிடிச்சா இருபது வாரம். “அப்பாவைக் கேட்டுட்டு வர்றேன்”னு இங்க ஓடி வருவான். மாமா ஊருலயே இல்லன்னு சொல்லிடு.