பென்னாகரத்துக் காலும் 400 பவுண்டு ஷூவும்

அன்புள்ள அக்காவுக்கு,

"ஷூவுக்குப் பேர்போன ஊருல இருந்துக்கிட்டு இன்னும் ஏன் அந்தப் பழசையே போட்டுக்கிட்டுத் திரியறான்?" என்று மாமா கேட்டாராம். நியாயம்தான். இந்த நார்த்தாம்ப்டனில் கால்பந்து அணியைக்கூடச் செருப்புத் தைப்பவர்கள் என்றுதான் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். அதனால் உன் தம்பி சம்பளம் வந்த கையோடு கடைக்குப் போனான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பழுப்புத் தோல் ஷூ. விலை 400 பவுண்டு. நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் என்று தெரிந்ததும் அவனுக்கு உள்ளங்கை வியர்த்தது. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் மரியாதையாக இருக்காதே என்ற பயத்தில், "இதையே கொடுங்க" என்று சொல்லிவிட்டான்.

கடைக்காரர் வயதானவர். ஷூவை எடுக்காமல் ஓர் உலோகத் தட்டை எடுத்தார். குதிகாலுக்கு ஒரு குழி, நகரும் கட்டைகள், எங்கு பார்த்தாலும் எண்கள். 1920களில் சார்லஸ் பிரானக் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்ததாம். பெரியவர் மண்டிபோட்டுக் காலைப் பிடித்ததும் உன் தம்பி, "ஐயோ, நீங்க போய்!" என்று துள்ளி எழுந்துவிட்டான். அதுவும் நல்லதாயிற்று. நின்றுதான் அளக்க வேண்டுமாம்; பாதத்தின் மேல் எடை இறங்கினால் அது நீளும். குதியிலிருந்து விரல் நுனிவரை ஓர் அளவு, பெருவிரல் மூட்டுவரை இன்னோர் அளவு. எது பெரிதோ அதுதான் கணக்கு.

இடது கால் ஒன்பது, வலது ஒன்பதரை. ஊரில் எட்டு போட்டவனுக்குக் கால் வளர்ந்துவிட்டதா? தட்டில் இருப்பது அமெரிக்க அளவு, ஒன்று கழித்துக்கொள் என்றார். கழித்தாலும் வலது எட்டரை. அந்தக் கட்டைவிரல் நகம் ஏன் வருஷா வருஷம் கறுத்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

பிறகு மெதுவாகக் கேட்டார். எங்கே போடப்போகிறாய்? ஆஸ்பத்திரி வார்டில். எத்தனை மணி நேரம்? பன்னிரண்டு. அடுத்த நாளும் இதேவா? ஆமாம்.

அவர் ஷூவைத் திருப்பி அடியைக் காட்டினார். தோல். துடைத்த ஈரத் தரையில் வழுக்கும். வியர்வை காய ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். அடி தேய்ந்தால் பிரித்து வேறு அடி தைக்கலாம். விலையில் ஒரு பங்கு அந்தத் தையல் வேலைக்குத்தான். "வார்டில் கொட்டுவதெல்லாம் இதன் மேல் கொட்டினால் தைத்து என்ன பயன்?" என்று சிரித்தார். வழுக்காத ரப்பர் அடி, ஈரத்துணியால் துடைக்கிற மேல்பாகம், விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம், இது போதும் என்று பக்கத்துத் தெருக் கடைக்கு வழி சொன்னார். அங்கே 45 பவுண்டு.

மாமாவுக்கும் ஒரு ஜோடி வாங்கலாம். "எட்டு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதே. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், காகிதத்தின் மேல் நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் வரைந்து அனுப்பு. பேனாவைச் சாய்க்காதே.

உன் தம்பி