மதியம் இரண்டு மணி, ஐ.எஸ்.டி.

அந்த மெயிலை எழுத எனக்கு ஒரு முழு சாயங்காலம் ஆனது. அதில் பாதி, 'டியர் டீம்' போடலாமா 'ஹாய் ஆல்' போடலாமா என்ற யோசனையில் போயிற்று. கூட்டங்களின் நேரத்தைச் சொல்லும் இரண்டு வரிகளுக்கு ஒன்றரை நிமிஷம்கூட செலவழிக்கவில்லை. அடுத்த பதினோரு மாதம் என்னை உருட்டி எடுத்தது அந்த இரண்டு வரிகள்தான்.

அப்போது நான் புத்தம் புது ஸ்கிரம் மாஸ்டர். இரண்டு நாள் பயிற்சி, ஒரு ஆன்லைன் தேர்வு, ஒரு சான்றிதழ். சான்றிதழைப் பார்த்த என் மனைவி, "மாஸ்டர்னா சம்பளம் ஏறுமாங்க?" என்று கேட்டாள். ஏறவில்லை.

டீமில் எட்டுப் பேர். என்னையும் சேர்த்து ஐந்து பேர் சென்னையில், ஓ.எம்.ஆர். ஓரத்தில். மூன்று பேர் அயர்லாந்தின் டப்ளினில். எந்த வேலையை எடுத்துச் செய்வது என்று சொல்லும் புராடக்ட் ஓனர் அந்த மூவரில் ஒருவர். அதாவது, வேலை அங்கே முடிவாகும், தூக்கம் இங்கே கெடும்.

புது டீம் என்றால் முதலில் ஒரு வொர்க்கிங் அக்ரிமென்ட் வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நாம் எப்படி வேலை செய்வோம், எப்போது கூடுவோம் என்று டீமே உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்வது. நான் தனியாக உட்கார்ந்து, தனியாகப் பேசி, தனியாக ஒப்புக்கொண்டேன். கடைசி வரியில், நாளை மாலைக்குள் பதில் வராவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன் என எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. மௌனம் சம்மதம் என்று பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு தைரியமாக நான் நம்பியதில்லை.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் ஸ்பிரிண்ட் இரண்டு வாரம். அது தொடங்கும்போது என்னென்ன செய்யப்போகிறோம் என்று பேசுவது பிளானிங். முடியும்போது எங்கே சொதப்பினோம் என்று பேசுவது ரெட்ரோ. என் மெயிலில் பிளானிங் திங்கட்கிழமை `2 PM - 6 PM IST`, ரெட்ரோ இரண்டாவது வெள்ளிக்கிழமை `5 PM IST`. படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

முதல் பிளானிங் மே மாதத்தின் முதல் திங்கள். சென்னையில் ஐந்து பேரும் ஆஜர். டப்ளினில் ஒருவரும் இல்லை. நாற்பது நிமிடம் காலி கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நேரம் தவறாமை குறித்து ஒரு கண்ணியமான மெயில் போட்டேன். மறுநாள் பதில் வந்தது. மே முதல் திங்கள் அங்கே பொது விடுமுறை. ஜூன் முதல் திங்களும், ஆகஸ்ட் முதல் திங்களும், அக்டோபர் கடைசித் திங்களும் அப்படியே. அவர்கள் விடுமுறைகளைத் திங்களாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நான் பிளானிங்கைத் திங்களாகப் பார்த்து வைத்திருந்தேன்.

சரி, திங்களே வேண்டாம், இன்று செவ்வாய், அதே நேரம் வைத்துக்கொள்வோம் என்று எழுதினேன். மதியம் 2 மணிக்கு மறுபடி காலி கட்டங்கள். மூன்று மணிக்குக் கலைந்தோம். ஆறரை மணிக்கு நான் சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும்போது புராடக்ட் ஓனரிடமிருந்து செய்தி: நாங்கள் மூவரும் சரியாக இரண்டு மணிக்கு வந்துவிட்டோம், நீங்கள் எங்கே? நேரம் தவறாமை குறித்து அவர் எதுவும் எழுதவில்லை. அதுதான் வலித்தது.

ஐ.எஸ்.டி. என்றால் இந்தியன் ஸ்டாண்டர்ட் டைம் என்று நீங்களும் நானும் பிறந்ததிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறோம். அயர்லாந்தில் கோடைக்கால நேரத்துக்குப் பெயர் ஐரிஷ் ஸ்டாண்டர்ட் டைம். சுருக்கினால் அதே மூன்று எழுத்து. அவர்களுடையது ஜி.எம்.டி.யைவிட ஒரு மணி நேரம் முன்னே, நம்முடையது ஐந்தரை மணி நேரம் முன்னே. நடுவில் இருந்த நாலரை மணி நேரத்தில்தான் என் முதல் பிளானிங் விழுந்து காணாமல் போனது. இஸ்ரேலும் இதே மூன்று எழுத்தைத்தான் வைத்திருக்கிறது. நல்லவேளை, அங்கே எங்களுக்கு ஆள் இல்லை.

காலெண்டர் இன்வைட் அனுப்பியிருந்தால் அவரவர் ஊர் நேரத்தில் அதுவே காட்டியிருக்கும். அனுப்பவில்லையா என்று மேனேஜர் கேட்டார். "மெயில்லயே தெளிவா போட்டிருக்கேனே சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையும் தெளிவாகவே இருந்தது.

புதன்கிழமை ஒருவழியாகக் கூடினோம். ஸ்கிரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு, ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு பிளானிங் அதிகபட்சம் எட்டு மணி நேரம், ரெட்ரோ அதிகபட்சம் மூன்று மணி நேரம் என்கிறது. இரண்டு வாரத்துக்குப் பாதி என்று கணக்குப் போட்டு நான்கு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். அதிகபட்சம் என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. கல்யாண இலையில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று வளர்ந்தவன், நான்கு மணி நேரத்தையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அந்த நான்கு மணி நேரமும் எங்கே போயிற்று என்று பார்த்தால், டிக்கெட்டுகளை எல்லோரும் அங்கேதான் முதல் தடவையாகப் படித்தார்கள். பிறகு ஸ்பிரிண்டின் நடுவில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அடுத்தடுத்த டிக்கெட்டுகளைப் படித்து வைக்க ஆரம்பித்தோம். பிளானிங் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தது. நான் ஒதுக்கிய மீதி இரண்டு மணி நேரம் காலெண்டரில் வெறுமனே கிடந்தது. அதைப் பார்த்த வேறொரு டீம், நாங்கள் ரொம்ப பிஸி என்று நினைத்துக்கொண்டிருந்ததாம்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி ரெட்ரோவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லவேண்டும். பதினொரு நிமிடத்தில் முடிந்தது. என்ன நன்றாக நடந்தது? எல்லாம். எது சரியில்லை? ஒன்றுமில்லை. என்ன மாற்றலாம்? மாற்ற எதுவும் இல்லை. எவ்வளவு முதிர்ச்சியான டீம் என்று புல்லரித்துப் போனேன். பிறகுதான் தெரிந்தது, சென்னையில் இரண்டு பேர் ஊருக்குப் போக கிளாம்பாக்கத்தில் பஸ் பிடிக்கவேண்டும், டப்ளினில் மணி பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். பசியும் பஸ்ஸும் சேர்ந்து என் டீமைக் குறையில்லாத டீமாக ஆக்கிவிட்டன.

உடனே திருத்தினேன். திருத்தம் என்றால் நான் எப்போதும் உடனேதான். ரெட்ரோவைத் தூக்கி பிளானிங் நாளிலேயே, பிளானிங் முடிந்த கையோடு வைத்தேன். எல்லோரும் ஏற்கனவே உட்கார்ந்திருப்பார்கள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கல் திரும்பி வந்து எங்கே விழும் என்று யோசிக்கவில்லை.

அந்த ரெட்ரோவில் எங்கள் டெஸ்டர் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "ப்ரோ, போன ஸ்பிரிண்ட்ல பதினாலு டிக்கெட். அதுல ஒன்பது எங்கிட்ட கடைசி ரெண்டு நாள்லதான் வந்துச்சு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் டெஸ்ட் பண்ணேன்." சிறிய டிக்கெட்டுகளை முதலில் முடித்துத் தரலாம், மொத்தத்தில் பத்துக்கு மேல் எடுக்கவேண்டாம் என்று அவளே வழியும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ரொம்ப நல்ல பாயின்ட் என்று நான் குறித்துக்கொண்டேன். அப்போதுதான் டப்ளின் டெவலப்பர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: அரை மணி நேரம் முன்புதானே இந்த ஸ்பிரிண்டுக்கும் பதினான்கு டிக்கெட் எடுத்தோம்?

சமையலை இறக்கி வைத்துவிட்டு உப்பு எவ்வளவு போடலாம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தப் பெண் இன்னொரு முறை பதினோரு மணி வரை உட்கார்ந்தாள். அந்த ராத்திரிகளில் குழுவில் நான் அனுப்பிய கட்டைவிரல் படங்கள் அவளுக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

அதோடு விட்டாளா? "இந்த டைமுக்கெல்லாம் யார் ப்ரோ அக்ரி பண்ணாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது ஒருமையில் இருந்தது.

அடுத்த மெயிலில் நேரத்தை எழுதவில்லை, கேட்டேன். எந்த நேரத்தில் நிச்சயமாக வரமுடியாது என்று ஒரே கேள்வி. ஏழு பேரும் பதில் போட்டார்கள். வரமுடியாததைச் சொல்ல மனிதர்களுக்கு எவ்வளவு ஆர்வம்! அதிலிருந்து முடிவானது: செவ்வாய் ரெட்ரோ, ஒரு ராத்திரி இடைவெளி, புதன் பிளானிங். ரெட்ரோவில் ஒத்துக்கொண்ட விஷயம்தான் பிளானிங்கில் முதல் டிக்கெட். இரண்டும் டப்ளின் காலை 9:30, சென்னை மதியம் 2:00. ஊர்ப் பெயரோடு எழுதினேன், அந்த மூன்று எழுத்தைத் தொடவில்லை. இன்வைட்டும் அனுப்பினேன். அக்டோபர் வரை என் வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். நாம் தள்ளுவதில்லை. இன்வைட்டை நான் சென்னையில் போட்டதால் அது சென்னையின் 2 மணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. டப்ளினில் 9:30 என்பது 8:30 ஆகிவிட்டது. ஒன்பதே கால் வரை வரமுடியாது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும் என்று தெளிவாகப் பதில் போட்டிருந்த டெவலப்பர், காருக்குள்ளிருந்து போனில் வந்தார். அவருக்கு முன்னால் அவர் மகன் எங்களுக்கு வணக்கம் சொன்னான். நான்தான் காரணம் என்று அவனுக்குத் தெரியாது.

இன்வைட்டில் `Asia/Kolkata` என்று இருந்ததை `Europe/Dublin` என்று மாற்றி, நேரத்தை 9:30 என்று போட்டால் போதும். அப்போது டப்ளின் 9:30 அசையாது, நமக்குக் குளிர்காலத்தில் மூன்று மணி, கோடையில் இரண்டு மணி. யாராவது ஒரு ஊர் அசைந்துதான் ஆகவேண்டும், எந்த ஊர் என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். இந்த முறை கேட்டேன். சென்னை அசையட்டும் என்று சென்னைக்காரர்களே சொன்னார்கள். மூன்று மணி என்றால் மதியச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிடலாமே.

மாற்றினேன். ஐந்து மாதம் மூன்று மணிக்குக் கூடினோம். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் திரும்ப முன்னால் போகும், அதனால் செவ்வாய்க்கிழமை முதல் மறுபடி இரண்டு மணி என்று வெள்ளிக்கிழமையே அனைவருக்கும் நினைவூட்டி, தடித்த எழுத்தில் ஒரு மெயில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு ஐந்துக்கு டெஸ்டரிடமிருந்து போன். "ப்ரோ, ஏழு பேரும் வந்துட்டோம். நீங்க எங்க இருக்கீங்க?"

கேன்டீனில் இருந்தேன். தயிர் சாதத்தில் அப்போதுதான் ஊறுகாயை வைத்திருந்தேன்.