பாயின் விலை திரைக்கு வெளியே

அண்ணாச்சி, உங்கள் பாய்க் கடை சைட்டை மொபைலுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்ட வேண்டும் என்று நான் சொன்னதிலிருந்து வாட்ஸ்அப்பில் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

கேள்வி: என் கடை கம்ப்யூட்டர்ல சைட் பளிச்சுனு தெரியுதே. என்ன குறை?

அந்தக் கம்ப்யூட்டரில் பார்ப்பவர் நீங்கள். பாய் வாங்குகிறவர் பார்ப்பது போனில். 2011இல் உங்கள் சைட்டைக் கட்டியவர் 960 பிக்சல் அகலம் என்று அளவு வைத்தார். அன்றைக்கு அது சரி. இன்று பலர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் திரை, பிரவுசர் கணக்கில், சுமார் 360 பிக்சல் அகலம்தான். மொபைலுக்கான குறிப்பு எதுவும் இல்லாத பக்கம் வந்தால், பிரவுசர் அதை 980 பிக்சலுக்கு விரித்து, பிறகு சுருக்கித் திரைக்குள் அடைக்கும். உங்கள் விலைப்பட்டியலில் 13 பிக்சலில் இருக்கும் எழுத்து அங்கே 5 பிக்சல்கூடத் தேறாது.

கேள்வி: ரெண்டு விரலை வச்சுப் பெரிசாக்கிப் பாத்துக்கிட மாட்டாங்களா?

பார்ப்பார்கள், ஆனால் வாங்க மாட்டார்கள். உங்கள் பட்டியலில் பாயின் பெயர் இடது ஓரம், விலை வலது ஓரம். பெரிதாக்கினால் இரண்டில் ஒன்றுதான் கண்ணில் படும். ‘கல்யாணப் பாய், பட்டுக்கரை’ என்று படித்துவிட்டு விலைக்காக வலப்பக்கம் தள்ளும்போது, அது எந்த வரிசை என்பது தவறிவிடும். பக்கத்து வரிசை விலையைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்து ‘சைட்ல வேற விலை போட்டிருந்துச்சே’ என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை.

கேள்வி: ஒரே ஒரு வரி சேத்தாப் போதும்னு பக்கத்துக் கடைத் தம்பி சொல்றான். நீ ஏன் முழுசா மாத்தணும்ங்குற?

தம்பி சொல்லும் வரி இதுதான்:

```
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

இது கட்டாயம் வேண்டும். ‘சுருக்காதே, திரை எவ்வளவு அகலமோ அந்த அகலத்திலேயே காட்டு’ என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி இது. ஆனால் உங்கள் பட்டியல் 960 பிக்சலில் இறுகிக் கிடக்கிறது. இந்த வரியை மட்டும் சேர்த்தால் எழுத்து பெரிதாகும். கூடவே பட்டியலில் 360 பிக்சல் திரைக்குள்ளும் மீதி 600 திரைக்கு வெளியேயும் போகும். வெளியே போகிற பக்கத்தில்தான் விலை இருக்கிறது. அதனால் அந்தப் பட்டியலைக் கலைத்து, ஒவ்வொரு பாய்க்கும் படம், பெயர், அளவு, விலை நான்கும் ஒன்றின்கீழ் ஒன்றாக வரும்படி அமைக்க வேண்டும். திரை அகலமானால் அதே கட்டங்கள் தாமாகவே மூன்று மூன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கம்ப்யூட்டரில் பார்க்கிற உங்களுக்கு எதுவும் குறையாது.

கேள்வி: போட்டோவைச் சின்னதாக்கப் போறேன்னியே, நெசவே தெரியாமப் போயிராதா? பத்தமடைப் பாய்க்கு அதுதானப்பா அழகு.

அந்த அழகு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் சின்னதாக்குகிறேன். இப்போது கேமராவில் எடுத்த 4000 பிக்சல் படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 எம்பி. முதல் பக்கத்தில் 12 படம், ஆக 48 எம்பி. நொடிக்கு 5 மெகாபிட் வேகம் வருகிற இடத்தில் அவ்வளவும் இறங்க ஒன்றே கால் நிமிடம் பிடிக்கும். அதுவரை யார் காத்திருப்பார்கள்?

360 பிக்சல் அகலம் என்று சொன்னேன் அல்லவா? நல்ல போன்களில் அந்த ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் உண்மையில் குறுக்கே மூன்று புள்ளிகள் இருக்கும். எனவே 1080 பிக்சல் படம் இருந்தால் திரை நிறைந்துவிடும். அதற்கு மேல் அனுப்புவதைப் போன் சுருக்கித்தான் காட்டும். கோரை நெசவு மாதிரி நெருக்கமான கோடுகளை அவசரமாகச் சுருக்கும்போது, பாயில் இல்லாத அலை அலையான கோடுகள் திரையில் தோன்றக்கூடும். பார்க்கிறவர் அதைப் பாயின் குறை என்று நினைப்பார். நானே சரியான அளவுக்குச் சுருக்கி, கண்ணால் சரிபார்த்து ஏற்றினால் அந்தத் தொல்லை இல்லை. நெசவு நுணுக்கமாக இருப்பதால் இந்தப் படங்கள் மற்றப் படங்களைப்போல் ரொம்பவும் சுருங்காது. ஒன்று 200, 250 கேபி வரும். அது பரவாயில்லை. முதலில் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு படம் மட்டும் இறங்கும், மற்றவை கீழே தள்ளத் தள்ள வரும். ஒவ்வொரு பாய்க்கும் கரை ஓரத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றையும் வைப்போம். விரும்புகிறவர் தொட்டால் அது திறக்கும்.

கேள்வி: ஆர்டர் படிவம் நல்லாத்தானே இருக்கு?

எனக்கு அதிகக் கவலை தருவது அந்தப் படிவம்தான். பொண்ணு மாப்பிள்ளை பெயரைப் பாயிலேயே நெய்து கொடுக்கிறீர்கள். ஒரு எழுத்து பிசகினால் அந்தப் பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது, நெய்தவர் உழைப்பும் போச்சு.

பெயர் எழுதும் பெட்டியில் எழுத்து 12 பிக்சல். 16க்குக் கீழே இருந்தால், ஐபோனில் அந்தப் பெட்டியைத் தொட்டதுமே சஃபாரி பக்கத்தைத் தானாகப் பெரிதாக்கும். பெட்டியின் ஒரு பகுதி திரைக்கு வெளியே போய்விடும். ஆங்கிலத்தில் பெயர் அடித்தால், போன் அதைத் தப்பு என்று நினைத்துத் தானே திருத்திவிடுவதும் உண்டு. முழுப் பெயரும் கண்ணில் படாததால் அடித்தவருக்கு அது தெரியாது. ஆகவே எழுத்து 16 பிக்சல், தானியங்கித் திருத்தம் கிடையாது, போன் நம்பர் பெட்டியைத் தொட்டால் எண் பலகை மட்டும் வரும். கடைசியாக, நெய்யப்போகும் இரண்டு பெயரும் திரை அகலத்துக்குப் பெரிதாக ஒருமுறை வந்து, ‘இப்படியே நெய்யலாமா?’ என்று கேட்கும். அதை ஒப்புக்கொண்டால்தான் ஆர்டர் உங்களுக்கு வரும்.

கேள்வி: மொபைலுக்குன்னு தனியா சின்ன சைட் ஒண்ணு போட்டுட்டா செலவு கம்மியாகுமே?

இன்றைக்குக் கம்மி. அடுத்த விலையேற்றத்தில் இரண்டு சைட்டிலும் மாற்ற வேண்டும், ஒன்றில் மறப்போம். இன்னொன்றும் இருக்கிறது. கூகுள் இப்போது மொபைலில் தெரிகிற பக்கத்தை வைத்துத்தான் சைட்டைப் பட்டியலிடுகிறது. பல வருஷமாகச் செய்து வந்த அந்த மாற்றத்தை முடித்துவிட்டதாக 2023இல் அறிவித்தது. சின்ன சைட்டில் நாம் விட்டுவிடுகிறவை கூகுள் தேடலுக்கும் இல்லாமல் போகும்.

கேள்வி: பழைய அட்ரஸ் மாறுமா?

மாறாது. மேலே படமாக இருக்கிற கடை நம்பர் மட்டும், தொட்டால் போன் போகிற எழுத்தாக மாறும்.

கேள்வி: வேலை சரியா முடிஞ்சிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் புதுப் போனிலும் பார்க்காதீர்கள். கடையில் யாரிடமாவது இருக்கிற பழைய போனை வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, தெருவில் வெயிலில் நின்று ஒரு கையால் பாருங்கள். ஒரு பாயைத் தேடுங்கள். படமும் விலையும் ஒரே பார்வையில் படுகிறதா? பக்கம் எங்காவது இடம் வலமாக ஆடுகிறதா? கடை நம்பரைத் தொட்டால் உள்ளே போன் அடிக்கிறதா? பிறகு உங்கள் பெயரையும் மதினி பெயரையும் கொடுத்து ஒரு கல்யாணப் பாய் ஆர்டர் போடுங்கள். எங்காவது தட்டினால் என்னைக் கூப்பிடுங்கள், சரிசெய்கிறேன். தட்டாமல் முடிந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுத்தால் போதும்.